குரலில் எழுதிய விண்ணப்பத்தைக் கண்ணால் சரிபார்ப்போம்
(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமக்கு வரும் உதவி விண்ணப்பங்களில் பல இப்போது செல்போனில் பேசி எழுதப்பட்டவை. தமிழில் தட்டெழுதத் தெரியாதவர்களும் தங்கள் கஷ்டத்தைத் தாங்களே சொல்லி அனுப்ப முடிகிறது. இது நல்லதுதான். ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது. அந்தக் குழியில் நாங்களே ஒருமுறை விழுந்தோம்.

ஒரே ஓர் அறையில் குடியிருக்கும் ஒரு சகோதரிக்காக, அவருடைய மகள் பேசி எழுதிய விண்ணப்பம் அது. "மாத வாடகை 4,000 ரூபாய். மூன்று மாதமாக அரை வாடகை பாக்கி" என்று இருந்தது. பாதி வாடகை கட்டிவிட்டார்கள், மீதிப் பாதிதான் நிற்கிறது என்று நாங்கள் புரிந்துகொண்டோம். உறுதி செய்ய போனும் செய்தோம். "மூணு மாசமா அரை வாடகை பாக்கியாம்மா?" என்று கேட்டோம். "ஆமாங்க பாய்" என்றார். 6,000 ரூபாய் கொடுத்தோம்.

மறுவாரம் அவர் அழுதுகொண்டு வந்தார். வீட்டுக்காரர் இன்னும் 6,000 கேட்கிறாராம். மகள் சொன்னது, குடியிருக்கும் 'அறை'யின் வாடகை. போனில் விழுந்தது பாதியைக் குறிக்கும் 'அரை'. நாங்கள் போனில் கேட்டபோது அவர் காதில் விழுந்ததும் 'அறை'தான். மீதித் தொகையை அடுத்த கூட்டத்தில்தான் தர முடிந்தது. அதுவரை அந்தக் குடும்பம் பேச்சு வாங்கியது.

ஏன் இப்படி ஆகிறது? நம் பேச்சில் ர, ற இரண்டும் பெரும்பாலும் ஒரே ஒலிதான். ன, ண அப்படியே. ல, ள, ழ மூன்றையும் பலர் கலந்தே பேசுகிறோம். போன் ஒலியைக் கேட்டு, பக்கத்துச் சொற்களையும் பார்த்து, எது பொருந்தும் என்று ஊகித்து எழுதுகிறது. 'மூன்று மாதம்', 'பாக்கி' என்ற சொற்களுக்கு நடுவே 'அரை'யும் பொருந்தத்தான் செய்கிறது. அதுவும் சரியான தமிழ்ச் சொல் என்பதால் அடியில் சிவப்புக் கோடும் விழாது.

இதனால்தான், எழுதியதை உரக்க வாசித்துப் பார்ப்பது போதாது. வாசித்தால் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். கண்ணால்தான் பார்க்க வேண்டும். அனுப்பும் முன் ர-ற, ன-ண, ல-ள-ழ வரும் சொற்களில் விரலை வைத்து, "இந்த எழுத்தை மாற்றினால் வேறு சொல் ஆகுமா?" என்று கேளுங்கள். ஆகும் என்றால், நீங்கள் நினைத்த சொல் எது என்று பாருங்கள். மருந்துச் சீட்டைப் பற்றி எழுதும்போது 'வேளை' 'வேலை'யாகியிருக்கலாம். நோயைச் சொல்லும்போது 'வலி' 'வழி'யாகியிருக்கலாம்.

சந்தேகம் தீராவிட்டால் எழுத்தோடு போராட வேண்டாம், சொல்லையே மாற்றிவிடுங்கள். 'அறை வாடகை' என்பதற்குப் பதில் 'வீட்டு வாடகை' என்று சொல்லலாம். 'அரை' என்பதற்குப் 'பாதி' இருக்கிறது. தொகையைப் பெருக்கி மொத்தத்தையும் எழுதுங்கள். அந்த விண்ணப்பத்தில் "மாதம் 4,000 வீதம் மூன்று மாதத்துக்கு மொத்தம் 12,000 ரூபாய் பாக்கி" என்று ஒரு வரி இருந்திருந்தால், எந்த எழுத்து மாறினாலும் எங்களுக்குப் புரிந்திருக்கும்.

பெயர்களைப் பேசி எழுதவே வேண்டாம். பாத்திமா, ஃபாத்திமா, பாத்திமாள் என்று போன் தனக்குத் தோன்றியபடி எழுதும். ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகத் தட்டுங்கள். நிக்காஹ் உதவி விண்ணப்பத்தில் 'மஹர்', 'வலி' போன்ற நம் வழக்குச் சொற்களையும் அப்படியே தட்டுங்கள். 'மஹர்' என்பது 'மகள்' என்று விழுந்தால் வரியின் பொருளே மாறிவிடும்.

கடைசியாக, வீட்டில் வேறொருவரிடம் போனைக் கொடுத்து, "இதில் என்ன கேட்டிருக்கிறோம்? நீயே சொல்" என்று கேளுங்கள். எழுதியவருக்குத் தாம் நினைத்ததுதான் கண்ணில் படும். மற்றவர் அதில் உள்ளதைப் பார்ப்பார். ஆனால் அவர் எழுத்தை அப்படியே வாசிக்கக் கூடாது, பொருளைத் தம் சொல்லில் சொல்ல வேண்டும். "பாதி வாடகை கேட்டிருக்கீங்க" என்று அவர் சொல்லும்போதே பிழை பிடிபட்டுவிடும்.

நாங்களும் பாடம் கற்றுக்கொண்டோம். இனி போனில் விசாரிக்கும்போது விண்ணப்பத்தில் உள்ள சொல்லைத் திருப்பிச் சொல்லி ஆமா, இல்லையா என்று கேட்க மாட்டோம். "மொத்தம் எவ்வளவு கட்டணும்?" என்றுதான் கேட்போம். ஆகவே விண்ணப்பம் அனுப்பும் அன்று அந்தத் தொகையை நினைவில் வைத்திருங்கள்.