நிறுத்துவதும் நின்றுபோவதும்
(மம்பாவ் வட்டாரத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாதச் சந்தாவைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். வேண்டாத ஒரு சந்தாவை முறைப்படி எழுதி நிறுத்துவதா, அல்லது பணம் கட்டாமல் விட்டுவிட்டால் அது தானே நின்றுபோகுமா என்பதே இங்குள்ள கேள்வி. நம்மில் பலர் இரண்டாவது வழியைத்தான் எடுக்கிறோம். பாரம் எழுத வேண்டியதில்லை, சிரம்பானுக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை, கவுண்டரில் நின்று மலாயில் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். இந்தச் சும்மா இருத்தலுக்கு என்ன விலை என்று பார்ப்போம்.

சந்தாக்கள் எல்லாம் ஒரே ஜாதியல்ல. முன்பணம் போட்டுப் பேசும் கைத்தொலைபேசி இருக்கிறதே, அதை நிறுத்த யாரையும் கேட்க வேண்டாம். பணம் ஏற்றாமல் விட்டால் தவணை முடிந்து நம்பர் செத்துப்போகும். ஒரு காசும் கடனில்லை. ஆனால் அந்த நம்பரைப் பேங்கில் பதிந்து வைத்திருந்தால், முதலில் பேங்குக்குப் போய் அதை மாற்றிவிட வேண்டும். செத்த நம்பரைக் கம்பெனி பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். உங்கள் பேங்குச் செய்திகள் முன்பின் தெரியாதவர் கைக்குப் போகும்.

அடுத்தது, பிள்ளைகள் படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் பேங்க் கார்டில் கட்டிவைக்கும் சந்தா. கணக்கில் காசில்லை, ஆகவே நின்றுவிடும் என்று நினைக்கிறோம். அப்படி உடனே நிற்பதில்லை. ஒருமுறை பணம் எடுக்க முடியாவிட்டால், சில நாள் விட்டு மறுபடியும் முயல்வார்கள். நமக்குச் சம்பளம் பேங்கில் விழுகிறது. விழுந்த அன்றே அந்தக் கை உள்ளே வந்தால், அரிசிக்கு வைத்த காசில் அது போய்விடும். போனிலிருந்து அந்தப் படத்தை அழித்துவிட்டாலும் சந்தா அழியாது. சந்தாப் பகுதிக்குள் போய் 'ரத்து' என்பதை அழுத்தினால்தான் உண்டு. இது ஐந்து நிமிட வேலை.

நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள விரும்புவது மூன்றாவது வகைக்கு. வீட்டுக்கு இழுக்கும் இணையக் கம்பி, மாத முடிவில் பில் வரும் தொலைபேசி ஆகியவை இதில் அடங்கும். இங்கே நாம் கையெழுத்திட்டது ஓர் ஒப்பந்தம். நீங்கள் பாவித்தீர்களா என்பதைப் பில் பார்ப்பதில்லை. கம்பி உங்கள் பேரில் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கிறது. செக்ரோலில் பேர் இருக்கும்வரை ஆள் இருப்பதாகத்தானே கணக்கு, அதைப் போல.

ஒரு கணக்குப் போடுவோம். தொகைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒரு தோழர் மாதம் 100 வெள்ளிக்கு 24 மாத ஒப்பந்தம் போட்டார். முன்பணம் 100 வெள்ளி. 26-வது மாதம் தோட்டம் விற்கப்பட்டு, லயத்தை விட்டு மகன் வீட்டுக்குக் குடிபோகிறார். ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பது அவர் எண்ணம். எழுதிக் கொடுத்து நிறுத்தினால், ஒரு மாத முன்னறிவிப்புக்கு 100 வெள்ளி. முன்பணம் 100 திரும்பும். கையிலிருந்து போவது ஒன்றுமில்லை.

அவர் எழுதவில்லை, கட்டணத்தை மட்டும் நிறுத்தினார் என்று வையுங்கள். முதல் மாதம் பில் வருகிறது. இரண்டாம் மாதம் கம்பியில் ஓட்டம் நிற்கிறது. "பார்த்தீர்களா, தானே நின்றுவிட்டது" என்கிறார். இங்கேதான் ஏமாற்றம். ஓட்டத்தை நிறுத்தி வைப்பது வேறு, கணக்கை மூடுவது வேறு. நிறுத்தி வைத்திருக்கும் காலத்துக்கும் வாடகை ஏறும்படி எழுதிய ஒப்பந்தங்கள் உண்டு. கடைசியில் கம்பெனியே கணக்கை மூடும்போது மூன்று மாத பாக்கி 300, திருப்பித் தராத இணையப் பெட்டிக்கு 200 என்று 500 நிற்கும். முன்பணத்தைக் கழித்தால் 400. ஒன்றுமில்லாமல் முடிய வேண்டியது, சும்மா இருந்ததால் 400 வெள்ளி ஆயிற்று.

இது நல்ல நிலைமை. கெட்ட நிலைமையும் உண்டு. 20-வது மாதத்தில் கம்பெனியிலிருந்து ஒருவர் போன் போட்டு, "அதே விலைக்கு வேகத்தைக் கூட்டித் தருகிறோம்" என்றார். தோழரும் சரி என்றார். பல ஒப்பந்தங்களில் அந்தச் 'சரி'யோடு புதிதாக 24 மாதம் தொடங்கிவிடுகிறது. ஆகவே 26-வது மாதத்தில் அவருக்கு இன்னும் 18 மாதம் பாக்கி. கட்டாமல் விட்டால் ஒப்பந்தத்தை முறித்தவர் அவர்தான். பாக்கி மாதங்கள் முழுவதையும் கேட்கும் ஒப்பந்தமாயின் 1,800 வெள்ளி ஒரே பில்லில் வரும்.

முன்னதாகக் கேட்டிருந்தால் இந்த விஷயம் கவுண்டரிலேயே தெரிந்திருக்கும். கம்பியை மகன் வீட்டுக்கு மாற்ற முடியுமா, வேறொருவர் பேருக்கு மாற்ற முடியுமா என்று கேட்கலாம். முடிந்தால் அபராதமே இல்லை. கணக்கு மூடப்பட்ட பிறகு இந்த இரு கதவும் அடைபட்டுவிடும். சும்மா இருப்பதால் போகும் பெரிய நஷ்டம் இதுவென்றே நான் சொல்வேன். அபராதம் கண்ணுக்குத் தெரிகிறது, போன வழி தெரிவதில்லை.

பில் கட்டப்படாவிட்டால் அது வசூல் கம்பெனிக்குப் போகும். சீட்டோஸ் போன்ற கடன் விவர நிறுவனங்களின் பட்டியலிலும் பேர் ஏறலாம். அவை 2010-ஆம் ஆண்டு கடன் விவர நிறுவனச் சட்டத்தின் கீழ் நடப்பவை. தோட்டம் போய் வீட்டுக்கடன் கேட்கும் வேளையில், பேங்க் அதிகாரி மேஜைமேல் வைக்கும் தாளில் அந்தப் பழைய 400 வெள்ளி இருக்கும். கம்பி அப்பா பேரில் இருந்தால் பேர் கெடுவது அப்பாவுக்கு; பாவித்தது பிள்ளையாயினும் சரி.

நிறுத்தப் போகிறவர் முதலில் "என் ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது?" என்று கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். பின்பு எழுத்தில் நிறுத்தக் கேட்டு, அதன் குறிப்பு எண்ணை வாங்க வேண்டும். பெட்டியைக் கொடுக்கும்போது அதன் அடியிலுள்ள எண்ணைப் போட்டு ரசீது வாங்க வேண்டும். கடைசி பில் வந்து, பாக்கி சுழியம் என்று கண்ட பிறகே பேங்கில் தானாகப் பிடிக்கும் உத்தரவை நீக்கலாம். பேங்கில் முதலில் நீக்குபவர்கள் பலர். அது கட்டாமல் விடுவதற்குச் சமம். ரசீது இருந்தும் பில் தொடர்ந்து வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டி மனுக் கொடுக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

ஏற்கெனவே விட்டுவிட்டவர்களும் இங்கே இருப்பீர்கள். பழைய பாக்கிக்கு வசூல்காரர் போன் போட்டு, "நல்லெண்ணத்துக்கு 20 வெள்ளி போடுங்கள், பிறகு பார்ப்போம்" என்பார். அவசரப்பட வேண்டாம். 1953-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட 6 ஆண்டுதான் காலம். ஒரு சிறு தொகை கட்டினாலும், கடன் உண்டென்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் அந்த 6 ஆண்டு புதிதாகத் தொடங்கும். எந்த மாதத்துப் பில், எந்தத் தேதியில் கணக்கை மூடினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பாக்கி நியாயமானது, தேதியும் அண்மையது என்றால், கம்பெனியோடு பேசி ஒரு தொகைக்கு முடித்து, முழுவதும் தீர்ந்தது என்று கடிதம் வாங்கிக்கொள்வது நல்லது. பேர் பட்டியலிலிருந்து நீங்க அந்தக் கடிதம் தேவைப்படும்.

பில்லைக் கையில் கொண்டுவந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என் மேஜைக்கு வாருங்கள். ஒப்பந்தத் தேதி எங்கே இருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.