பயொப்சி முடிவை எப்படி வாசிப்பது?
(பழைய மாணவியர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பக்கத்து மானிப்பாயிலே டாக்டர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். பிரசவ வைத்திய நூலையும் தமிழாக்கினார். ஆகவே கருப்பையைப் பற்றித் தமிழில் பேச நாங்கள் கூச்சப்படத் தேவையில்லை.

கருப்பையின் உட்சவ்வு மாதாமாதம் வளர்ந்து, உதிர்ந்து, மாதவிடாயாக வெளியேறுகிறது. மாதவிடாய் முற்றாக நின்று ஒரு வருடத்திற்குப் பின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் காரணம் தேட வேண்டும். 45 வயதைத் தாண்டியவருக்கு இரத்தப்போக்கு முறைமாறினால், அல்லது மருந்துக்குக் கட்டுப்படாவிட்டால், அப்போதும் அப்படியே. உடற்பருமன், நீரிழிவு, மார்புப் புற்றுநோய்க்கான தமொக்சிபென் மாத்திரை ஆகியவை உள்ளவர்களில் இன்னும் கவனம் தேவை. பெரும்பாலும் காரணம் சாதாரணமானது. ஆனால் உட்சவ்வின் புற்றுநோய் தன்னைக் காட்டிக்கொள்வதும் இந்த இரத்தத்தினால்தான்.

பலருடைய அனுபவங்களைச் சேர்த்து ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓர் அம்மாவுக்கு 54 வயது. மாதவிடாய் நின்று மூன்று வருடத்தின் பின் மெல்லிய கறை பட்டது. ஸ்கானில் உட்சவ்வின் தடிப்பு 9 மில்லிமீற்றர். அந்த வயதில் 4 மில்லிமீற்றருக்கு மேற்படாவிட்டால் புற்றுநோய்க்குச் சாத்தியம் மிகக் குறைவு. இது அதைவிடக் கூட. எனவே பயொப்சி.

"மயக்குவீங்களோ டொக்டர்?" என்று கேட்டார். இல்லை. ஒரு மணித்தியாலம் முன்பு ஒரு நோ மாத்திரை. குருதி உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கர்ப்பம் தரிக்கும் வயதினருக்குக் கர்ப்பம் இல்லையென்று முதலில் உறுதிசெய்வோம். பிறகு கருப்பைக் கழுத்தைப் பார்த்துத் துப்புரவாக்கி, ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் அகலமான வளையக்கூடிய பிளாஸ்ரிக் குழாயை உள்ளே செலுத்துவோம். அதற்குள் இருக்கும் தண்டைப் பின்னால் இழுத்தால் உறிஞ்சுவிசை உண்டாகும். குழாயைச் சுழற்றி முன்பின் அசைக்க, சவ்வின் துணுக்குகள் உள்ளே வரும். ஒருசில நிமிட வேலை. மாதவிடாய் வலியைப் போல, சிலருக்கு அதைவிடக் கடுமையாக, வயிறு பிடிக்கும். ஓரிரு நாள் கறை படும். காய்ச்சல், துர்நாற்றம், அதிக இரத்தம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்.

அந்த அம்மாவின் முடிவில் "போதிய இழையம் இல்லை" என்று இருந்தது. மகள் அதை வாங்கி, "கான்சர் எண்டு ஒண்டும் எழுதேல்லை அம்மா" என்று சொல்லிக் கோவையில் வைத்துவிட்டார். கிளினிக் போகவில்லை.

இங்கேதான் கவனியுங்கள். "போதிய இழையம் இல்லை" என்பது "நோய் இல்லை" என்பதல்ல. கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை என்பதே அதன் பொருள். சவ்வு மெலிந்த முதியவரில் அது எதிர்பார்க்கக்கூடியது. 9 மில்லிமீற்றர் தடித்த சவ்வில் அப்படி வந்தால் மேலும் தேடியே ஆகவேண்டும். குழாய் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறது. ஒரு மூலையில் உள்ள தசைத் தொங்கலை அது தவறவிடலாம்.

இரண்டு மாதத்தில் அவருக்கு மீண்டும் இரத்தம் பட்டது. இம்முறை மயக்க மருந்து கொடுத்து, சிறிய கமராவைக் கருப்பைக்குள் செலுத்திப் பார்த்தபோது ஒரு தொங்கல் இருந்தது. அதை அகற்றி அனுப்பியதில் "ஏற்றிப்பியாவுடன் கூடிய ஹைப்பர்பிளேசியா" என்று வந்தது.

ஹைப்பர்பிளேசியா என்றால் சவ்வின் மிகைவளர்ச்சி. ஏற்றிப்பியா என்றால் கலங்களின் உருவமே மாறியிருக்கிறது. ஏற்றிப்பியா இல்லாவிட்டால் 20 வருடத்தில் புற்றுநோயாக மாறுவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. ஹோர்மோன் கொடுத்து, ஆறு மாதத்திற்கொருமுறை மறுபடி பயொப்சி செய்து பார்க்கலாம். ஏற்றிப்பியா இருந்தாலோ, பக்கத்திலேயே புற்றுநோய் ஒளிந்திருக்கவும் கூடும். பிள்ளைப்பேறு முடிந்தவருக்குக் கருப்பையை அகற்றுமாறு ஆலோசனை கூறுவோம். அந்த அம்மாவும் அவ்வாறே சிகிச்சை பெற்றார்.

இன்னொரு சொல்லும் பலரைப் பயமுறுத்துகிறது: "புரொலிபரேற்றிவ்". மாதவிடாய் உள்ள பெண்ணில் அது மாதத்தின் முதற்பாதியில் சவ்வு வளர்வதைக் குறிக்கும் சாதாரண சொல். "செக்ரீற்றறி" என்பது பிற்பாதி. "கார்சினோமா" என்பதுதான் புற்றுநோய். அதன்கூட வரும் "கிறேட்" கலங்கள் எவ்வளவு மாறிவிட்டன என்பதைச் சொல்லும். எவ்வளவு பரவியது என்பது ஸ்கானிலும் சத்திரசிகிச்சையிலும்தான் தெரியும்.

ஆகவே முடிவை வாங்கினால், வயதையும் ஸ்கான் அளவையும் பக்கத்தில் வைத்து வைத்தியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: போதிய இழையம் கிடைத்ததா? ஏற்றிப்பியா இருக்கிறதா? என் இரத்தப்போக்குக்கு இது காரணம் சொல்கிறதா? மூன்றாவதற்கு "இல்லை" என்றால், அல்லது முடிவு நன்றாக இருந்தும் மீண்டும் இரத்தம் பட்டால், திரும்பவும் வாருங்கள்.