கண் மஞ்சளானால் மலத்தின் நிறத்தையும் பாருங்கள்

(இறம்பொடையில் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2007ஆம் ஆண்டு நமக்குக் கீழே கம்பளையில் செங்கண்மாரி பரவியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அது ஹெபடைடிஸ் ஏ என்ற கிருமியால் வந்தது. அசுத்தமான தண்ணீர், உணவு வழியே பரவி ஈரலைத் தாக்கும் கிருமி அது. அதனால் யாருக்குக் கண் மஞ்சளானாலும், "தண்ணியால வந்தது, கீழாநெல்லி குடிச்சா போயிடும்" என்று இருந்துவிடுகிறோம். ஆனால் மஞ்சள் வர மூன்று வழிகள் உண்டு.

நம் இரத்தத்தின் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். அது உடையும்போது ஒரு மஞ்சள் சாயம் வெளிவரும். ஈரல் அதைத் தண்ணீரில் கரையும்படி மாற்றி, பித்தத்தோடு குழாய் வழியே குடலுக்கு அனுப்பும். மலத்துக்குப் பழுப்பு நிறம் வருவது அதனால்தான்.

முதல் வழி, இரத்தம் அளவுக்கு மீறி உடைவது. ஈரல் மாற்றாத சாயம் சிறுநீரில் இறங்காது. ஆகவே கண் இலேசாக மஞ்சளாக இருக்கும், சிறுநீர் பெரும்பாலும் வழக்கமான நிறத்திலேயே போகும், மலம் வெளுக்காது. ஆள் வெளிறி, மேடு ஏறினால் மூச்சு வாங்குவார்.

இரண்டாவது, ஈரலே பழுதாவது. கிருமியோ கசிப்போ காரணமாகலாம். கிருமியால் வந்தால் முதலில் காய்ச்சல், குமட்டல், சோற்றைக் கண்டாலே வெறுப்பு வரும். பிறகு சிறுநீர் பிளேன் டீ போலாகும்; அதன் பின்தான் கண் மஞ்சளாகும்.

மூன்றாவது, பித்தக்குழாய் அடைபடுவது. சாயம் குடலுக்குப் போகாததால் மலம் வெள்ளைக் களிமண் போல வெளுக்கும். சிறுநீர் கறுக்கும். உடம்பெல்லாம் அரிக்கும்.

55 வயதுத் தாய் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கண் மஞ்சள் என்று மூன்று வாரம் கீழாநெல்லி குடித்தார். அரிப்பால் இரவில் தூக்கமில்லை. மலம் வெளுத்ததைச் சொல்ல வெட்கப்பட்டார். ஒரு நாள் வலது விலாவின் கீழ் வலியும் நடுக்கத்தோடு காய்ச்சலும் வந்தன. ஸ்கேனில் குழாயை அடைத்த கல் தெரிந்தது. அந்தக் கல்லை எந்தச் சாறும் கரைக்காது. வாய்வழியே குழாய் விட்டோ சத்திரசிகிச்சை செய்தோ எடுக்க வேண்டும். வலியே இல்லாமல் மஞ்சள் கூடி உடம்பும் மெலிந்தால், புற்றுநோய் குழாயை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஈரல் நோயிலும் சில நாட்கள் மலம் வெளுக்கலாம். ஆகவே முடிவைச் சொல்வது இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும்தான். ஆனால் சிறுநீரின் நிறம், மலத்தின் நிறம், அரிப்பு, வலி, காய்ச்சல் ஆகியவற்றை வெட்கமின்றி டாக்டரிடம் சொன்னால், எதை முதலில் தேடுவது என்று அவருக்குத் தெரியும்.

மஞ்சளோடு நடுக்கக் காய்ச்சல், பேச்சுத் தடுமாற்றம், பகலில் ஓயாத தூக்கம், இரத்தக் கசிவு இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றிரவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்.