டோக்கன் முதலில், ஒப்பந்தம் அப்புறம்



ஸ்ரீரங்கம் தெற்குச் சித்திரை வீதியில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கடை காலியாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வைகுண்ட ஏகாதசிக்கு இன்னும் இரண்டு மாதம். ஓய்வூதியப் பணம் கையில் இருக்கிற ஒருவர், பெயர்பெற்ற டீக்கடை நிறுவனம் ஒன்றின் கிளையை எடுக்கலாமா என்று கைபேசியில் தேடிப் பார்த்து, ஒரு படிவத்தையும் நிரப்பிவிடுகிறார். அரை மணி நேரத்தில் அழைப்பு வருகிறது. "சார், ஸ்ரீரங்கத்துக்கு ஒரே ஒரு கிளைதான். சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வர்றாங்க. இரண்டு லட்சம் டோக்கன் போட்டுட்டீங்கன்னா ஏரியாவை உங்க பேருக்கு லாக் பண்ணிடறோம்." ஒப்பந்தத்தைக் காட்டுங்கள் என்று கேட்டால், "அது கம்பெனி ரகசியம் சார், டெபாசிட் வந்ததும் மெயில்ல வரும்" என்கிறார்கள்.

இந்தப் பேச்சுக்குப் பின்னால் இரண்டு விதமான ஆட்கள் இருக்கலாம். ஒருவர் அந்த நிறுவனத்துக்குச் சம்பந்தமே இல்லாத மோசடிக்காரர். இன்னொருவர் அந்த நிறுவனத்தின் உண்மையான ஊழியர். கேட்பவருக்கு இரண்டு குரலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

முதல் வகைக்கு நன்றாகப் பதிவான உதாரணம் அமுல். அதன் பெயரில் போலி இணையதளங்கள் தொடங்கி, கடை எடுத்துத் தருகிறோம் என்று பலரிடம் பணம் வாங்கினார்கள். தேடினால் விளம்பரமாக மேலே வந்து நின்றது அந்தப் போலித் தளம்தான். 2019-இல் அமுல் நிறுவனம் கூகுளுக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. 2020-இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கில் பிரதிவாதிகள் பட்டியலில் முதலில் நின்றது ஓர் ஆள் அல்ல, amul-franchise.in என்ற இணைய முகவரி. ஆள் யாரென்று தெரிந்தால்தானே பெயர் போட முடியும்?

இந்த மோசடிக்காரர்கள் பணத்தை ஒரே தடவையில் கேட்பதில்லை. முதலில் பதிவுக் கட்டணம் என்று ஒரு சிறு தொகை. கட்டியதும் முத்திரை குத்திய ஒப்புதல் கடிதம் வரும். அதை வீட்டில் எல்லோருக்கும் காட்டுவோம். பிறகு உரிமக் கட்டணம், அப்புறம் டெபாசிட், கடைசியில் முதல் சரக்குக்கு முன்பணம். ஒவ்வொன்றும் ஏற்கெனவே கட்டியது வீணாகிவிடக் கூடாதே என்ற பயத்தில் கட்டுகிற பணம். இங்கே பார்க்க வேண்டியது கடிதத்தில் உள்ள முத்திரையை அல்ல, பணம் போகிற கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதை. நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்காக இருந்தால் அத்துடன் பேச்சை முடித்துவிடலாம். பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் உட்காராமல் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் வங்கி முடக்கினால்தான் அந்தப் பணம் மிஞ்சும்.

எனக்கு இன்னும் சுவாரசியமாகப் படுவது இரண்டாவது வகை. நிறுவனம் உண்மை, கடைகளும் உண்மை. ஆனாலும் ஒப்பந்தத்தைக் காட்ட மாட்டார்கள். ஏன்? நூறு பேரிடம் கையெழுத்து வாங்கிய அச்சுப் படிவம் அது. அதில் டீ போடுகிற பக்குவமோ மசாலா அளவோ இருக்காது. அப்படியே ரகசியம் இருந்தாலும், வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு காட்டலாமே.

அந்தப் படிவத்தில் என்ன இருக்கும் என்று பார்ப்போம். "ராயல்டி கிடையாது" என்று விளம்பரம் சொல்லும். உள்ளே ஒரு பத்தியில், டீத்தூளை நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும் என்று இருக்கும். ஒரு டீக்கு இரண்டரை கிராம் தூள் என்றால், ஒரு கிலோவில் நானூறு டீ. அதே தரத் தூள் காந்தி மார்க்கெட்டில் கிலோ 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது, நிறுவனம் 700 போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 300 ரூபாய் அதிகம், ஒரு டீக்கு 75 காசு. டீ விலை 15 ரூபாய். 15 ரூபாயில் 75 காசு என்பது சரியாக ஐந்து சதவீதம். ராயல்டி தூள் மூட்டைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு முந்நூறு டீ விற்றால் மாதம் 6,750 ரூபாய். கல்லாவில் லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது போகும்.

அடுத்தது ஏரியா. லாக் செய்கிறோம் என்றார்களே, எதை? ஸ்ரீரங்கம் என்றால் கோயிலைச் சுற்றிய வீதிகள் மட்டுமா, அம்மா மண்டபம் வரையா, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள தீவு முழுவதுமா? திருவானைக்கோவில் அதில் சேருமா? ஒப்பந்தத்தில் "கடையிலிருந்து 500 மீட்டர்" என்று இருந்தால், ரயில்வே ஸ்டேஷன் பக்கமோ மாம்பழச்சாலையிலோ அவர்களே அடுத்த கிளையைத் திறக்கலாம். வெளியூர்ப் பக்தர் பஸ்ஸைவிட்டு இறங்கிய இடத்திலேயே டீ குடித்துவிட்டால் சித்திரை வீதிக் கடைக்கு யார் வருவார்? அதைப் படித்துப் பார்க்காமல் கட்டிய இரண்டு லட்சம் எதைப் பூட்டியது?

அமெரிக்காவில் ஒப்பந்தம் முதலிலா பணம் முதலிலா என்ற வரிசையைச் சட்டமே தீர்மானிக்கிறது. பணம் வாங்குவதற்கோ கையெழுத்து வாங்குவதற்கோ குறைந்தது 14 நாள் முன்பு எல்லா விவரமும் அடங்கிய ஆவணத்தைக் கையில் கொடுத்தாக வேண்டும். நம்மவர்கள் நிறையப் பேர் கடை வைத்திருக்கும் மலேசியாவிலும் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தத்துக்குப் பத்து நாள் முன்பே காட்ட வேண்டும். இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தை வைத்துத்தான் வாதாட வேண்டும்.

ரசீதில் "திருப்பித் தரப்படாது" என்று அச்சிட்டிருந்தால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டெல்லி வளர்ச்சி ஆணையத்துக்கு எதிராக கைலாஷ் நாத் என்ற நிறுவனம் தொடுத்த வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஆணையம் ஏலத்தில் விட்ட மனைக்கு வாங்கிய முன்பணத்தைப் பறிமுதல் செய்துவிட்டு, அதே மனையை அதைவிட அதிக விலைக்கு விற்றிருந்தது. நஷ்டமே ஏற்படாதபோது முன்பணத்தை வைத்துக்கொள்ள முடியாது, திருப்பிக் கொடு என்றது நீதிமன்றம். ஒப்பந்தத்தையே காட்டாமல் டோக்கன் வாங்கியவருக்கு என்ன நஷ்டம் என்று நாமும் கேட்கலாம். ஆனால் கேட்பதற்கு வக்கீல் வேண்டும், வருஷங்கள் வேண்டும். இரண்டு லட்சத்துக்கு அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள் என்பது வாங்கியவருக்கும் தெரியும்.

அதனால் நம் சித்திரை வீதிக்காரர் பதில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "முதலில் ஒப்பந்தத்தின் வரைவை அனுப்புங்கள், வக்கீலிடம் காட்டிவிட்டுப் பணம் போடுகிறேன்." டோக்கன் இல்லாமல் நகரவே மாட்டோம் என்றால், ஒரே ஒரு பக்கம் எழுதி வாங்கட்டும். வரைவு பிடிக்காவிட்டால் எத்தனை நாளில், எந்தக் கணக்கில் பணம் திரும்பி வரும் என்று அதில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுகிற நிறுவனமும், வணிகச் சின்னப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு உரிமையாளராக இருக்கும் நிறுவனமும் ஒன்றுதானா என்றும் பார்த்துவிடலாம். பதிவேடு இணையத்தில் இருக்கிறது, பார்க்கக் காசில்லை. இரண்டும் வேறு என்றால், உரிமையாளர் கொடுத்த அதிகாரக் கடிதத்தைக் கேட்கலாம்.

இன்னொன்று, அதே பெயர்ப் பலகை மாட்டிய கடை ஒன்று தில்லைநகரிலோ சத்திரம் பேருந்து நிலையம் பக்கமோ இருந்தால், நிறுவனத்து ஆள் இல்லாமல் தனியாக ஒரு நடை போய்வரலாம். கூட்டம் குறைந்த மதிய நேரமாகப் பார்த்துப் போய் ஒரு டீ சொல்லிவிட்டு, தூள் கிலோ என்ன விலைக்கு வருகிறது என்று கடைக்காரரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். பலகையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் சொந்தப் பெயரில் கடை நடத்துகிறவர் யாராவது இருந்தால் அவரிடமும் ஒரு டீ குடிக்கலாம். டெபாசிட் திரும்பி வந்ததா, வந்தால் எவ்வளவு வந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.