வாக்கியத்தின் கடைசிச் சொல்

அமெரிக்க இளைஞர்கள் பலர் பேசும்போது, வாக்கியம் முடியும் இடத்தில் குரல் தாழ்ந்து கரகரவென்று உதிரும். இதை ‘வோக்கல் ஃப்ரை’ என்கிறார்கள். மூச்சின் அழுத்தம் குறைந்து, குரல் நாண்கள் தளர்ந்து, சீரில்லாமல் அதிர்வதால் வரும் ஒலி இது. பேசும்போது பெண்களின் குரல் நாண்கள் நொடிக்குச் சுமார் 200 முறை அதிரும். கரகரப்பில் அது 70க்கும் கீழே போய்விடும். அதனால்தான் அதிர்வுகள் தனித்தனியாகக் காதில் விழுகின்றன.

2014இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. ஏழு பெண்களும் ஏழு ஆண்களும், வேலை கேட்டு வந்தவர் நன்றி சொல்வது போன்ற ஒரே வாக்கியத்தை இயல்பான குரலிலும் கரகரத்த குரலிலும் சொன்னார்கள். 800 பேர் கேட்டார்கள். கரகரத்த குரலுக்கு உரியவர் திறமை குறைந்தவர், நம்பத்தக்கவர் அல்லர் என்று பெரும்பாலோர் கருதினர். பெண்களுக்கு இந்தத் தண்டனை கூடுதலாகவே விழுந்தது.

அந்த முடிவை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை. பேசியவர்கள் கரகரப்பை வரவழைத்துக்கொண்டு பேசினார்கள். கேட்டவர்களுக்கு அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. மறு ஆண்டு, ‘திஸ் அமெரிக்கன் லைஃப்’ வானொலி நிகழ்ச்சியின் பெண் செய்தியாளர்களுடைய குரலைக் குறைகூறி வந்த கடிதங்கள் பேசப்பட்டன. அதை நடத்தும் ஐரா கிளாஸின் குரலிலும் அதே கரகரப்பு உண்டு. அவரைப் பற்றி யாரும் புகார் எழுதவில்லை. அப்படியானால் குறை குரலில் இல்லை, கேட்கிற காதில் இருக்கிறது. இதற்காக ஒரு பெண் தன் குரலை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

சாதாரண வாக்கியத்தைக் கேள்வி போல ஏற்றி முடிக்கும் பழக்கமும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அது வெகுகாலமாக இருக்கிறது. ‘கேட்கிறீர்களா, இன்னும் சொல்ல இருக்கிறது’ என்பதற்கான குறிப்பாகவே பெரும்பாலும் அது வருகிறது.

ஆனால் தமிழில் பேசுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் வாக்கியத்தில் வினையும் மறுப்பும் கடைசியில்தான் வருகின்றன. ‘நாளைக்கு டாக்டர் வரமாட்டார்’ என்று சொல்லும்போது கடைசிச் சொல் கரகரப்பில் மங்கினால், வருவாரா மாட்டாரா என்பதே கேட்பவருக்குத் தெரியாது. ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சுருதியில் பேசினாலும் இதே கதிதான்: எந்தச் சொல்லில் செய்தி இருக்கிறது என்று காதுக்குப் பிடிபடாது. இந்த இரண்டையும் திருத்தத்தான் வேண்டும்.

கைபேசியில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். வேறொருவரைக் கேட்கச் சொல்லி, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் எழுதச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடங்களில் பெரும்பாலும் மூச்சு தீர்ந்திருக்கும். தொண்டையை இறுக்கிச் சத்தம் கூட்டாதீர்கள். வாக்கியத்தை இரண்டாக்கி, நடுவில் மூச்செடுத்துக்கொள்ளுங்கள். செய்தி இருக்கும் சொல்லை மட்டும் சற்று உயர்த்திச் சொல்லுங்கள். வாக்கிய முடிவில் மட்டுமின்றி எல்லாச் சொல்லிலும் கரகரப்பு வந்து, மூன்று வாரம் ஆகியும் விடாவிட்டால் அது வெறும் பேச்சுப் பழக்கமாக இல்லாமல் இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.