பருவச் சீட்டும் பயணஞ் செய்யாத நாளும்

கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புகைவண்டியிற் பணிக்குச் செல்லும் எழுதுவினைஞர் ஒருவர் மாதப் பருவச் சீட்டு வாங்குகிறார். அச்சீட்டு அவ்விரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட பாதைக்கே உரியது. சாவகச்சேரி அவ்வெல்லைக்குள் அடங்கும். யாழ்ப்பாணத்துக்கு அப்பாலுள்ள சுன்னாகம் அடங்காது. அங்குச் செல்ல வேறு சீட்டு வேண்டும்.

இனி, நாட்கணக்கு. சீட்டின் விலை 15 நாட்களுக்குப் போய்வரும் கட்டணத்துக்குச் சமம் எனக் கொண்டால், 22 நாட்கள் பணிக்குச் செல்பவருக்கு 7 நாட்கள் இலாபம். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையும் காய்ச்சலும் சேர்ந்து 12 நாட்களே சென்றாராயின், 3 நாட்கள் நட்டம்.

எஞ்சிய நாட்களை அடுத்த மாதத்தோடு சேர்த்துத் தரலாகாதா என அவர் கேட்பது இயல்பே. ஆனால், சீட்டிற் குறிக்கப்பட்டிருப்பவை எல்லையும் காலமுமே. எத்தனை நாட்கள் சென்றார் என்ற கணக்கு அதில் இல்லை. காலம் முழுவதற்கும் மொத்தமாக விற்பதனாலேயே விலையும் குறைகிறது.

வண்டியே ஓடாதுவிடின் நியாயம் வேறு. 2020 இற் பெருந்தொற்றினால் மும்பைப் புறநகர் வண்டிகள் நின்றபோது, வீணான நாட்களுக்கு ஈடாக மேற்கு இரயில்வே பருவச் சீட்டுகளின் காலத்தை நீட்டிக் கொடுத்தது. பயணி தாமாக விடுத்த நாட்களுக்கு அத்தகைய ஈடு இல்லை.

ஆகவே, விடுமுறை மிகுந்த மாதத்திற் செல்லக்கூடிய நாட்களை முன்னரே எண்ணுதல் நன்று. அவை 15 இலுங் குறையுமாயின், அன்றன்று சீட்டு வாங்குவதே சிக்கனம்.