அறுவைச் சிகிச்சைக்குப் பின் வேலைக்குத் திரும்ப: மேலாளருக்கு ஒரு கடிதம்
(மருத்துவ உதவிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், குடலிறக்க அறுவைச் சிகிச்சை முடிந்து ஓரிரு வாரத்தில் நடமாடத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் பாரம் தூக்குவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்கச் சொல்கிறார்கள். அந்த இடைக்காலத்தில் குறைந்த நேர வேலை கேட்கலாம். சாதாரண அறுவைச் சிகிச்சைக்கு அதைக் கொடுத்தே தீர வேண்டும் என்று நிர்வாகத்தை நாம் சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியாது. அதனால்தான் வாய்மொழியாகக் கேட்காமல், தேதியும் நேரமும் போட்டு எழுதிக் கேட்கச் சொல்கிறோம்.

முதலில் மருத்துவரிடம் போங்கள். சான்றிதழில் "வேலைக்குத் தகுதி" என்று மட்டும் இருந்தால், முதல் நாளே மூட்டை தூக்க விட்டுவிடுவார்கள். எத்தனை மணி நேரம், எத்தனை கிலோ, எதுவரை என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்து பணக் கணக்கு. இ.எஸ்.ஐ. தகுதி உள்ளவருக்கு நோய்க்கால உதவியாகச் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் வேலை செய்த நாளுக்கு அந்த உதவி கிடையாது. தினக்கூலி 600 ரூபாய் என்றால் வீட்டில் ஓய்வெடுத்தால் 420 ரூபாய். 4 மணி நேரம் வேலை செய்தால் 300 ரூபாய்தான். அவசரப்பட்டுத் திரும்பினால் 120 ரூபாய் நஷ்டம். 6 மணி நேரம் என்றால் 450 ரூபாய் வரும். ஆகவே அரை நாள் வேலை கேட்பவர், மீதி நேரத்தை ஈட்டிய விடுப்பில் கழிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, எனக்கு 6-ம் தேதி குடலிறக்க அறுவைச் சிகிச்சை நடந்தது. 27-ம் தேதி திங்கள் முதல் வேலைக்கு வர விரும்புகிறேன். முதல் இரண்டு வாரம் தினம் 4 மணி நேரமும், அடுத்த இரண்டு வாரம் 6 மணி நேரமும், அதன்பின் முழு ஷிப்டும் செய்கிறேன். முதல் இரண்டு வாரத்தின் 12 அரை நாட்களை என் ஈட்டிய விடுப்பில் 6 நாளாகக் கழித்துக்கொள்ளவும். மருத்துவர் மறுபடி பார்க்கும்வரை 5 கிலோவுக்கு மேல் தூக்க இயலாது. லேபிள் ஒட்டுதல், எண்ணிக்கை சரிபார்த்தல் போன்ற வேலைகளைச் செய்ய முடியும். மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். தங்கள் பதிலை எழுத்தில் தர வேண்டுகிறேன்."

கம்பெனி பஸ் ஷிப்ட் நேரத்துக்குத்தான் வரும். ஆகவே ஷிப்டின் தொடக்கத்தில் சேர்ந்து, பாதியில் ரயிலிலோ பஸ்ஸிலோ திரும்புவதாக இருந்தால் அதையும் எழுதுங்கள். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் கடிதம் ஒப்பந்ததாரருக்கு, நகல் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவுக்கு. உங்கள் நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளர் மாறினாலும் அந்தத் தாள் பேசும்.

கடிதம் எழுதத் தெரியாதவர்கள் சான்றிதழோடு வாருங்கள். உட்கார்ந்து எழுதித் தருகிறோம். வஸ்ஸலாம்.